85 எம்.எம். என்று எழுதினால் என்ன நடக்கிறது?

ஏ.ஐ. படக் கருவியில் `85mm` என்று தட்டினால் உள்ளே எந்த லென்ஸும் மாட்டப்படுவதில்லை. அங்கே கேமராவும் கிடையாது, கேமராவுக்கு முன்னால் நிற்கிற ஆளும் கிடையாது. ஆனாலும் படம் மாறத்தான் செய்கிறது. பின்னணி கரைந்து போகிறது, ஒரு பக்கமாக மெல்லிய வெளிச்சம் விழுகிறது, முகத்துக்கு ஒரு மெருகு ஏறுகிறது, ஆளுக்குப் பத்து வயதுகூடக் குறைந்துவிடுகிறது. நாம் கேட்டது லென்ஸ் மட்டும்தான். மற்றதெல்லாம் அழைக்காமல் கூடவே வந்தவை.

ஒரு முகத்தைப் படமாக வரவழைக்கும்போது அது எவ்வளவு அருகில் இருந்து, எந்த உயரத்தில் இருந்து பார்த்தது போலத் தெரிய வேண்டும் என்பதை நம் கையில் வைத்துக்கொள்ள முடியுமா? ஓரளவு முடியும். அதற்கு முதலில் நிஜக் கேமராவில் நடப்பதைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் லென்ஸைப் பற்றி நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருப்பதே தலைகீழ்.

வைட் லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கும், டெலி லென்ஸ் முகத்தைத் தட்டையாக்கும் என்பார்கள். பார்வைக்கு உண்மைதான், காரணம்தான் வேறு. முகத்தின் அமைப்பை மாற்றுவது லென்ஸ் அல்ல, தூரம். ஒரே இடத்தில் நின்று 24 எம்.எம். லென்ஸில் ஒரு படமும் 85 எம்.எம். லென்ஸில் ஒரு படமும் எடுத்து, முதல் படத்தில் முகம் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டிலும் மூக்குக்கும் காதுக்கும் உள்ள விகிதம் ஒன்றாகவே இருக்கும். லென்ஸ் தீர்மானிப்பது, அந்த இடத்தில் நின்றால் எவ்வளவு பரப்பு சட்டத்துக்குள் அடங்கும் என்பதை. வைட் லென்ஸை மாட்டியவர் முகம் சட்டத்தை நிறைக்க வேண்டும் என்று கிட்டப் போகிறார். அந்தக் கிட்டப் போதல்தான் மூக்கை வீங்கச் செய்கிறது.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். 35 எம்.எம். ஃபிலிம் அளவுள்ள கேமராவை நெட்டுவாக்கில் பிடித்து, தலையும் தோளும் அடங்கும்படி சுமார் 60 செ.மீ. உயரமுள்ள பகுதியை எடுக்கிறோம் என்று வையுங்கள். 24 எம்.எம். லென்ஸில் அதற்கு 40 செ.மீ. தூரத்தில் நிற்க வேண்டும். 85 எம்.எம். என்றால் சுமார் 1.4 மீட்டர், 200 எம்.எம். என்றால் 3.3 மீட்டர். மூக்கு நுனியிலிருந்து காது ஏறக்குறைய 12 செ.மீ. பின்னால் இருக்கிறது. 40 செ.மீ. தூரத்திலிருந்து பார்த்தால் மூக்குக்கு 40, காதுக்கு 52. எனவே காதோடு ஒப்பிட மூக்கு 30 சதவீதம் பெரிதாகப் பதியும். 1.4 மீட்டரில் அந்த வித்தியாசம் 8, 9 சதவீதமாகிவிடும். 3.3 மீட்டரில் 4 சதவீதத்துக்கும் கீழே. ஸ்டூடியோக்காரர் பாஸ்போர்ட் படம் எடுக்கும்போது முகத்தோடு முகமாக வந்து நிற்காமல் தள்ளி நிற்பது சும்மா அல்ல.

1958-இல் வெளியான ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வில் மாடிப்படி கீழ்நோக்கி நீண்டுகொண்டே போவது போன்ற அந்தத் தலைசுற்றல் காட்சியும் இதே கணக்குதான். கேமராவை நகர்த்திக்கொண்டே ஜூமை எதிர்த்திசையில் திருப்பினால் சட்டத்தின் அளவு ஏறத்தாழ அப்படியே நிற்கும், ஆழம் மட்டும் மாறும். தூரமும் லென்ஸும் தனித்தனி விசைகள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இப்போது ஏ.ஐ. பக்கம் வருவோம். அங்கே இந்த இரண்டு விசையுமே இல்லை. இருப்பது சொற்களும் அந்தச் சொற்களோடு பழகிய படங்களும். 2022-இல் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மாடல்கள், இணையத்தில் கிடந்த கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு ஒட்டியிருந்த குறிப்புகளையும் சேர்த்துப் படித்தவை. ஒரு படத்தோடு 85 எம்.எம். என்று எழுதி வைப்பவர் யார்? பெரும்பாலும் நல்ல லென்ஸ் வாங்கிய புகைப்படக்காரர். அவர் எடுத்ததோ மாலை வெயிலில், பின்னணி கரைந்த, அழகான முகம். வீட்டுத் திருமணத்தில் மாமா எடுத்த படத்துக்கு யாரும் லென்ஸ் எண்ணை எழுதி வைப்பதில்லை. ஆகவே மாடலுக்கு அந்த எண் ஒரு தூரத்தைச் சொல்லவில்லை, ஒரு வகைப் படத்தைச் சொல்கிறது. மேலே பார்த்த மெருகும் மாலை வெளிச்சமும் அப்படி வந்தவை.

`wide angle` இதைவிட மோசமாக ஏமாற்றும். அந்தச் சொல் அதிகம் ஒட்டியிருப்பது மலை, கடல், கட்டடம் போன்ற படங்களில். மூக்கு முன்னே துருத்திக்கொண்டு வரும் நகைச்சுவையான முகம் வேண்டும் என்று நினைத்து அதை எழுதினால், பரந்த வெளியில் எங்கோ தூரத்தில் ஓர் ஆள் சிறிதாக நிற்பார். நிஜக் கேமராக்காரர் கிட்டப் போயிருப்பார். மாடல் விலகிப் போய்விட்டது.

பின்னால் வந்த மாடல்களில் நிலைமை இன்னொரு விதமாக மாறியிருக்கிறது. 2023-இல் டால்-இ 3 மாடலைப் பயிற்றுவித்தபோது, இணையக் குறிப்புகளுக்குப் பதிலாக, படத்தைப் பார்த்து விவரமாக எழுதும் இன்னொரு மாடலின் வர்ணனைகளையே 95 சதவீதம் பயன்படுத்தினார்கள். வேறு பல மாடல்களும் இந்த வழிக்கு வந்தன. இது நமக்கு ஏன் முக்கியம்? படத்தைப் பார்த்து எழுதும் எவருக்கும் அது 85-ஆ 105-ஆ என்று தெரியாது. தாடையின் அடிப்பகுதி தெரிகிறது, தலைக்கு மேலே கூரை தெரிகிறது, காதுகள் கன்னத்துக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன என்று கண்ணில் படுவதைத்தான் எழுத முடியும். ஆகவே நாமும் கண்ணில் படுவதைச் சொன்னால்தான் மாடலுக்கு நன்றாக எட்டுகிறது. லென்ஸ் எண் பக்கத்துணை மட்டுமே. 70, 85, 105 என்று மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். 24 ஒரு வகை, 35 முதல் 50 வரை ஒரு வகை, 85-க்கு மேல் ஒரு வகை என்று மூன்று பெட்டிகளாக வைத்துக்கொண்டால் போதும். அந்த மூன்றுக்கு நடுவே இருக்கும் நுணுக்கம் மாடலுக்குப் பிடிபடுவதில்லை.

ஓர் உதாரணத்தை முழுசாகச் செய்து பார்க்கலாம். ஓய்வுபெறும் நாளில் தன் சின்ன ஊர் ஸ்டேஷனில் நிற்கும் ஸ்டேஷன் மாஸ்டரைப் பற்றி ஒரு சிறுகதை. அதற்கு ஒரு முழுப்பக்கப் படம் வேண்டும். பலரும் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்:

```
portrait of an Indian station master, 60, white uniform,
on a small railway platform, 85mm, f/1.4
```

வருவது தலையும் தோளும் மட்டும். பின்னால் பச்சையும் பழுப்புமாக ஏதோ மசங்கிக் கிடக்கும். அது ரயில் நிலையமா, மாம்பழத் தோட்டமா என்று யாராலும் சொல்ல முடியாது. `f/1.4` செய்த வேலை அது. அந்த எண் கூர்மையின் ஆழத்தைப் பற்றியது, பெர்ஸ்பெக்டிவ்வுக்கும் அதற்கும் உறவில்லை. பழக்கதோஷத்தில் எழுதப்படும் எண்களில் முதல் இடம் இதற்குத்தான்.

கதைக்கு வேண்டியது அந்த நடைமேடை அவருக்குப் பின்னால் நீண்டு போவது. அவர் வேலை பார்த்த வருஷங்கள் அதில்தான் இருக்கின்றன. இடுப்புக்கு மேல் சுமார் ஒரு மீட்டர் உயரம் சட்டத்துக்குள் வரட்டும். 85 எம்.எம். என்றால் கேமரா ஏறத்தாழ 2.4 மீட்டர் தள்ளி நிற்கும். முகம் அழகாக வரும், ஆனால் பின்னால் இருக்கும் தூண்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும், நடைமேடையின் நீளம் தெரியாது. 35 எம்.எம். என்றால் தூரம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூக்கு காதைவிடச் சுமார் 12 சதவீதம் பெரிதாகும். அறுபது வயது முகத்துக்கு அது குறையே இல்லை, எதிரே நின்று பேசுவது போன்ற ஒரு நெருக்கத்தைக் கொடுக்கும். நடைமேடையும் விரிந்து நீளும். ஆனால் கை விஷயத்தில் கவனம் வேண்டும். கொடியை முன்னே நீட்டிப் பிடித்தால் கை கேமராவுக்கு அரை மீட்டரில் வந்துவிடும், முகத்தைப் போல இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். எனவே கொடி உடம்போடு ஒட்டியே இருக்கட்டும்.

```
waist-up photo of an Indian station master, 60, white uniform,
standing about one metre from the camera, 35mm lens,
camera level at his chest height, his head level,
platform, rails and roof receding far behind him,
background in sharp focus, green flag held against his side
```

இதில் `35mm` என்ற சொல்லை நீக்கிவிட்டாலும் படம் பெரிதாகக் கெடாது. `receding far behind him` என்பதை நீக்கினால் கெடும். எந்தச் சொல் வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. பல கருவிகளில் `seed` என்று ஓர் எண் இருக்கும். அதை மாற்றாமல் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றி மறுபடி வரவழைக்க வேண்டும். எண்ணை விட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் புது ஆள், புது நடைமேடை. மாற்றம் நம் சொல்லால் வந்ததா தற்செயலா என்று தெரியாது.

வந்த படம் சரியா என்பதைக் கண்டுபிடிக்கத் தண்டவாளமே போதும். தண்டவாளங்களை ஸ்கேல் வைத்து நீட்டினால் அவை ஒரு புள்ளியில் கூடும். கூரையின் விளிம்பையும் நடைமேடையின் விளிம்பையும் நீட்டினால் அவையும் அங்கேயே வந்து சேர வேண்டும். கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில்தான் இந்தக் கூடுமிடம் அமையும். நெஞ்சளவில் கேமரா என்று கேட்டோம், ஆகவே புள்ளி அவர் நெஞ்சளவில் இருக்க வேண்டும். பல படங்களில் அது தொப்பிக்கும் மேலே போய் நிற்கும். பின்னணியை ஒருவர் ஏணியில் ஏறி நின்று எடுத்தது போலவும், ஆளை இன்னொருவர் நேரே நின்று எடுத்தது போலவும் இருக்கும். வாசகர் இந்தக் கணக்கைப் போட மாட்டார். ஆனால் ஆளை வெட்டி ஒட்டியது போல இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றிவிடும். மாடல் முகத்தையும் பின்னணியையும் தனித்தனிப் பழக்கத்திலிருந்து எடுப்பதால் வரும் பிசகு இது. பிராம்ப்ட்டை நீட்டி எழுதுவதைவிட, பத்துப் படங்கள் வரவழைத்துப் புள்ளி சரியாக அமைந்ததை எடுத்துக்கொள்வதே இதற்குச் சுலபமான மருந்து.

அடுத்து கோணம். லோ ஆங்கிள் என்றதும் தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்குச் செருப்பிலிருந்து மேலே ஏறும் கதாநாயகன் அறிமுகம்தான் நினைவுக்கு வரும். மாடலும் ஏறக்குறைய அப்படித்தான். `low angle` என்று எழுதினால் கேமரா கீழே போவதோடு ஆளின் மார்பு அகலமாகிறது, தாடை இறுகுகிறது, வானத்தில் மேகம் திரள்கிறது. நம் ஸ்டேஷன் மாஸ்டர் போர்க்களத்துக்குக் கிளம்பியவர் போல ஆகிவிடுவார். `high angle` என்றால் நேர்மாறு. கண்கள் விரியும், தோள் ஒடுங்கும், ஆள் குழந்தை போல அண்ணாந்து பார்ப்பார்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அது வடிவியலிலேயே இருக்கிறது. கேமரா கீழே இருந்து நிமிர்ந்து பார்ப்பதும், கேமரா நேராக இருக்க ஆள் தலையைப் பின்னுக்குச் சாய்ப்பதும், முகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒன்றேதான். இரண்டிலும் நாசித் துளைகள் தெரியும், தாடையின் அடிப்பகுதி தெரியும், காதுகள் கண் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். வித்தியாசம் முகத்துக்கு வெளியே இருக்கிறது. உண்மையில் கேமரா கீழே இறங்கியிருந்தால் தூண்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாய வேண்டும், கூரையின் அடிப்பக்கம் தெரிய வேண்டும். மாடலுக்குத் தலையைச் சாய்த்து வைப்பது எளிது, உலகத்தையே சாய்ப்பது கடினம். எனவே அது குறுக்கு வழியில் போகும். தூண்கள் செங்குத்தாக நிற்க, மனிதர் மட்டும் கழுத்தை அண்ணாந்திருந்தால் நாம் கேட்டது நமக்குக் கிடைக்கவில்லை.

1941-இல் வெளியான 'சிட்டிசன் கேன்' படத்தை எடுத்தபோது ஆர்சன் வெல்ஸும் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டும் கேமராவைக் கீழே இறக்க ஸ்டூடியோ தரையையே தோண்டினார்கள். வழக்கமாகக் கூரை இல்லாமல் கட்டப்படும் செட்டுகளுக்குத் துணியால் கூரை போட்டார்கள். கீழே இருந்து பார்த்தால் கூரை தெரிந்தே ஆக வேண்டும் என்பதால். பிராம்ப்ட் எழுதுபவரும் அந்தக் கூரையைத்தான் போட வேண்டும்:

```
camera at his knee height, tilted up, pillars converging upward,
underside of the platform roof fills the top of the frame,
his head level, eyes lowered to the camera,
tired, gentle expression
```

`low angle` என்ற சொல்லே இதில் இல்லை. கடைசி இரண்டு வரிகள் அவசியம். கண்ணும் கழுத்தும் எங்கே என்று சொல்லாவிட்டால் தலை சாய்ந்துவிடும், முகபாவம் சொல்லாவிட்டால் கதாநாயகன் வந்துவிடுவார். கேட்டவற்றில் எது எது வந்திருக்கிறது என்று மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவும் இப்படி எழுதுவது வசதி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிராம்ப்ட்டில் பெயர் சொல்லப்படும் ஒவ்வொரு பொருளும் சட்டத்துக்குள் இடம் கேட்கும். க்ளோசப் என்று எழுதிவிட்டு, பளபளக்கும் கறுப்பு ஷூ என்றும் எழுதினால் இரண்டில் ஒன்று தோற்கும். பெரும்பாலும் தோற்பது க்ளோசப். ஷூவைக் காட்டக் கேமரா பின்னுக்குப் போகும், தூரம் கூடும், நாம் கணக்குப் போட்டு வைத்த நெருக்கம் காணாமல் போகும். உருவாக்கும் படத்தின் நீள அகலமும் அப்படித்தான். அகலவாக்கில் சட்டத்தை வைத்துக்கொண்டு தலை முதல் கால் வரை கேட்டால் தலை வெட்டுப்படும், அல்லது ஆள் குள்ளமாவார்.

சொற்களால் இவ்வளவு தூரம்தான் போக முடியும். முட்டி உயரம் என்றால் சில படங்களில் முட்டி, சிலவற்றில் இடுப்பு. துல்லியமாக வேண்டும் என்றால் நிஜக் கேமராவை, சரியாகச் சொன்னால் கணக்குத் தெரிந்த கேமராவை, உள்ளே கொண்டுவர வேண்டும். பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளில் சாம்பல் நிற பொம்மை ஒன்றை நிறுத்தி, நாலு பெட்டிகளைத் தூண்களாக வைத்து, கேமராவுக்கு 35 என்று லென்ஸ் எண் கொடுத்து முட்டி உயரத்தில் வைத்தால், அங்கே 35 என்பது உண்மையிலேயே 35. அந்தக் காட்சியிலிருந்து ஓர் ஆழ வரைபடத்தை எடுக்கலாம். கிட்டே இருப்பது வெளுப்பாகவும் தள்ளி இருப்பது கறுப்பாகவும் தெரியும் படம் அது. 2023-இல் லவ்மின் ஜாங் குழுவினர் வெளியிட்ட கன்ட்ரோல்நெட் என்ற முறை, இந்த ஆழ வரைபடத்தை விட்டு விலகாமல் படத்தை வரையும்படி மாடலைக் கட்டிப்போடுகிறது. பெர்ஸ்பெக்டிவ் முழுவதும் வரைபடத்திலிருந்து வரும், பிராம்ப்ட்டுக்கு ஆளையும் உடையையும் வெளிச்சத்தையும் சொல்லும் வேலை மட்டும் மிஞ்சும். பிடியை ரொம்ப இறுக்கினால் ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பொம்மையின் வழவழப்பான மூக்கும் காதில்லாத மண்டையும் வந்துவிடும். படம் உருவாகும் படிகளில் முற்பாதியில் மட்டும் பிடித்து, பிற்பாதியில் விட்டுவிட்டால் அமைப்பு நிற்கும், முகம் மாடலின் கைவண்ணத்தில் வரும்.

ஒரு நிஜ மனிதரின் படத்தை மாதிரியாகக் கொடுத்து அதே முகத்தை வரவழைப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை உண்டு. மாதிரிப் படத்துக்கும் ஒரு தூரம் இருக்கிறது. பலர் கொடுப்பது கைப்பேசி செல்ஃபி. 30 செ.மீ. தூரத்தில் எடுத்த செல்ஃபியில், 1.5 மீட்டரில் எடுத்த படத்தைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்காவின் ஜாமா குழுமத்தைச் சேர்ந்த முக அறுவைச் சிகிச்சை இதழில் ஒரு கணக்கு வெளியானது. மூக்கைச் சிறிதாக்கச் சொல்லி வருபவர்கள் செல்ஃபியைக் காட்டுகிறார்களே என்பது அந்த மருத்துவர்களின் கவலை. மாடலுக்கு அந்தக் கவலை இல்லை. அகன்ற மூக்கும் மறைந்த காதும்தான் அந்த மனிதரின் உண்மையான முகம் என்று எடுத்துக்கொண்டு, மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் அதையே மாட்டிவிடும். பெர்ஸ்பெக்டிவ் சம்பந்தமான எந்தச் சொல்லாலும் பிறகு அதைத் திருத்த முடியாது. மாதிரிக்கு வேறொருவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கைப்பேசியைக் கண் உயரத்தில் நேராகப் பிடித்து, 2x அல்லது 3x ஜூமில் எடுக்கட்டும். ஜூம் இல்லாத கைப்பேசி என்றாலும் அதே இடத்தில் நின்று எடுத்து, முகத்தை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் மூக்கும் காதும் அதனதன் அளவில் இருக்கும்.